முதல் பிளீச்சுக்குப் பிறகு எதை வாங்குவது: ஊதா ஷாம்புவா, பாண்ட் ட்ரீட்மென்டா, வீட்டுத் தேங்காய் எண்ணெயா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள என் சலூனில் முதல்முறையாக பிளீச் செய்துகொள்ளும் ஒவ்வொருவருக்கும் கிளம்பும்போது ஓர் அட்டை கொடுப்பேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். எப்போது குளிக்கலாம், என்ன தேய்க்கலாம், என்ன கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பல வருடங்களாக அதன் முதல் வரி "ஊதா ஷாம்பு வாங்கிக்கொள்ளுங்கள்" என்பதுதான். அந்த வரியை நான் எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன், அந்த இடத்தில் என்ன எழுதினேன் என்பதை ஒரு தலைமுடியை வைத்தே சொல்கிறேன்.

புனித வெள்ளிக்கு மூன்று வாரம் முன்பு ஒரு பெண் வந்தாள். இருபத்தேழு வயது, மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை. முதுகின் பாதி வரை தொங்கும் அடர்த்தியான கருப்பு முடி. சாயமோ மருதாணியோ தொட்டதே இல்லை. ஆயாவும் கூட வந்திருந்தார். 20 வால்யூம் டெவலப்பரில் பிளீச் கலந்து, ஃபாயில் வைத்து, ஐம்பது நிமிடத்தில் கழுவி எடுத்தேன். மேலே பீஜ் நிற டோனர் போட்டு உலர்த்தினோம். கண்ணாடியில் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "அக்கா, இந்த மாதம் ஒரே ஒரு சாமான்தான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?" நான் வாய் திறப்பதற்குள் ஆயா சொல்லிவிட்டார்: "எண்ணெய் வீட்டிலேயே இருக்கே, அது போதாதா?"

இரண்டு பேர் கேட்டதும் சரியான கேள்விதான். பதில் சொல்ல, அந்த ஐம்பது நிமிடத்தில் முடிக்கு என்ன நடந்தது என்று தெரிய வேண்டும்.

பிளீச் பவுடரில் பெர்சல்ஃபேட் உப்புகள் இருக்கின்றன. டெவலப்பரில் ஹைட்ரஜன் பெராக்சைடு. 20 வால்யூம் என்றால் 6 சதவீதம். இரண்டும் சேர்ந்த காரமான கலவை முடியை ஊற வைத்து, உள்ளே புகுந்து, கருமை தரும் மெலனினைச் சிதைக்கிறது. ஆனால் அது மெலனினோடு நிற்பதில்லை. முடியின் மேல்தோலில் இயற்கையாகவே ஒட்டியிருக்கும் மெல்லிய கொழுப்புப் படலம் போய்விடுகிறது. தண்ணீரை வழுக்கி ஓட வைத்தது அந்தப் படலம்தான். அது போன பிறகு முடி பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும், சீக்கிரம் உலராது, நனைந்திருக்கும்போது எளிதில் அறுந்துபோகும். உள்ளே புரத இழைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் கந்தகப் பிணைப்புகளில் ஒரு பகுதியும் அறுகிறது. ஆக இழப்பு மூன்று: நிறம், மேல் படலம், உள் பிடிப்பு. கடையில் விற்கும் ஒவ்வொரு பாட்டிலும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்குத்தான். எந்த இழப்பு அதிகம் என்று பார்க்காமல் பாட்டிலைத் தேர்ந்தெடுத்தால் பணம் வீண்.

முதலில் ஊதா ஷாம்பு. இது முடியைச் சீராக்காது. அதிலுள்ள ஊதாச் சாயம் மஞ்சளின் மேல் படிந்து மஞ்சளை அடக்கிக் காட்டும், அவ்வளவுதான். மஞ்சளுக்கு எதிர் நிறம் ஊதா. ஆரஞ்சுக்கு எதிர் நிறம் நீலம். நம் பெண்களின் முடி ஒரே அமர்வில் பெரும்பாலும் வெளிர் மஞ்சள் வரை போவதில்லை. கருமை குறையக் குறையச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் கலந்த ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் வெளிர் மஞ்சள் என்று வரும். சலூனில் நான் பழங்களை வைத்துச் சொல்வேன். பப்பாளிச் சதை நிறத்தில் நின்றால் வெளுப்பில் ஏழாம் படி, மாம்பழச் சதை என்றால் எட்டு, வாழைப்பழத்தின் வெளித்தோல் ஒன்பது, அந்தத் தோலின் உட்புறம் பத்து. ஊதா ஷாம்பு ஒன்பதிலும் பத்திலும் வேலை செய்யும். பப்பாளி நிறத்தில் மாதக்கணக்கில் தேய்த்தாலும் ஒன்றும் நடக்காது.

என் பழைய அட்டை செய்த தவறு அதுதான். எல்லோருக்கும் ஊதா என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பெண் ஆறு வாரம் ஒவ்வொரு குளியலிலும் தேய்த்துவிட்டு வந்தாள். நடுப்பகுதி அதே பித்தளை நிறம். பிளீச்சை அதிகமாகக் குடித்திருந்த நுனிகள் மட்டும் சாம்பல் கலந்த ஊதாவாகியிருந்தன. முடியும் வறண்டிருந்தது, ஏனென்றால் அவள் கண்டிஷனரை விட்டுவிட்டு அதையே பத்து நிமிடம் ஊற வைத்திருக்கிறாள். பாட்டிலில் எழுதியிருந்ததைவிட என் அட்டையைத்தான் அவள் நம்பினாள். அன்றைக்கே அந்த அட்டைகளை எல்லாம் கிழித்தேன்.

நீல ஷாம்பு பப்பாளிக்குப் பொருந்தும். ஆனால் அதே நீலம் வாழைப்பழ மஞ்சளில் பட்டால் லேசான பச்சை ஓடும். அதனால் இப்போது டோனர் போடுவதற்கு முன்பே, முடியை உலர்த்தி, ஜன்னல் ஓரத்தில் வெள்ளைத் தாளின் மேல் வைத்து அடி நிறத்தைப் பார்த்துவிடுகிறேன். அதை அட்டையில் எழுதியும் கொடுக்கிறேன். டோனர் போட்ட பிறகு அடி நிறம் மறைந்துவிடும்; சில வாரத்தில் டோனர் கழுவிப் போனதும் திரும்ப எட்டிப் பார்க்கும். அப்போது எந்த நிற ஷாம்பு வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டுமே. இந்தப் பெண்ணின் அட்டையில் எழுதினேன்: "அடி நிறம்: பின்பக்கம் பப்பாளி, மாம்பழம். முன்நெற்றி ஓரம் வாழைப்பழத் தோல்." ஒரே தலையில் இரண்டு நிறமா என்று கேட்கலாம். நெற்றி ஓர முடி மெல்லியது, வேகமாக வெளுக்கும். எல்லாத் தலையிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

அதோடு, டோனர் இருக்கும் முதல் இரண்டு வாரத்தில் நிற ஷாம்புவுக்கு வேலையே இல்லை. ஆகவே முதல் மாதத்துச் செலவுப் பட்டியலில் அது கடைசி இடத்துக்குப் போய்விட்டது.

அடுத்தது பாண்ட் ட்ரீட்மென்ட். 2014இல் ஓலாப்ளெக்ஸ் வந்த பிறகு இந்த வகையில் பல நிறுவனங்கள் இறங்கிவிட்டன. இது குறிவைப்பது உள் பிடிப்பை. அறுந்த கந்தகப் பிணைப்பை அப்படியே பழையபடி ஒட்டிவிடும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. என் கைக்குத் தெரிவது இதுதான்: ஈரத்தில் ரப்பர் மாதிரி இழுபடும் முடி, வாரம் ஒருமுறை போட்டால் மூன்று நான்கு வாரத்தில் கொஞ்சம் இறுக்கமாகிறது, சீப்பில் அறுவது குறைகிறது. முற்றிலும் கரைந்த முடியை எதுவும் மீட்காது. அதை வெட்டத்தான் வேண்டும். தலைமுடி முழுவதையும் நனைக்கும்படி ஊற்றினால் சின்ன பாட்டில் மூன்று முறைக்கே வராது. விலையோ கண்டிஷனரைப் போலப் பல மடங்கு. அதனால் வாங்கும் முன் உண்மையில் தேவையா என்று சோதித்துப் பார்க்கச் சொல்வேன்.

சோதனை எளிது. தானாக உதிர்ந்த, வெளுத்த முடி ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நனையுங்கள். ஸ்கேல் ஓரத்தில் 10 சென்டிமீட்டர் அளவுக்கு இரண்டு விரல்களுக்கு இடையில் பிடித்து மெதுவாக இழுங்கள். 13 வரை நீண்டு, விட்டதும் திரும்பச் சுருங்கினால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. நீண்டுகொண்டே போய், விட்டதும் தொய்ந்து கிடந்தால் உள்ளே அறுந்திருக்கிறது. பாண்ட் ட்ரீட்மென்ட் இதற்குத்தான். நீளவே நீளாமல் டக்கென்று முறிந்தால் முடி வறண்டு விறைத்திருக்கிறது. அந்த நிலையில் கெரட்டின் மாஸ்க் போன்ற புரதப் பூச்சு போட்டால் இன்னும் விறைக்கும். அதற்கு வேண்டியது கண்டிஷனரும் எண்ணெயும். ஒரு முடியை வைத்து முடிவு செய்யாதீர்கள், பின்பக்கம் இரண்டு, முன்பக்கம் இரண்டாவது பார்க்க வேண்டும்.

இவளுக்குப் பின்பக்க முடி 13 வரை போய் ஒழுங்காகத் திரும்பியது. முன்நெற்றி முடி 14க்கு இழுபட்டு 12இலேயே நின்றது. ஆயா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது என்னமோ நூடுல்ஸ் மாதிரி ஆயிடுச்சே" என்றார். ஆமாம், அப்படித்தான் ஆகும். அந்த ஓரத்தில் என் ஃபாயிலை ஐந்து நிமிடம் முன்பே எடுத்திருக்க வேண்டும்.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். இங்கே டர்பனில் நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைப்பது இன்னும் விட்டுப்போகவில்லை. பல சலூன்களில் பிளீச் செய்த முடிக்கு எண்ணெயே கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. 2003இல் வெளியான ஓர் ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டது. நல்ல முடியிலும் பிளீச் செய்த முடியிலும், கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். காரணம், அதிலுள்ள லாரிக் அமிலம் நேரான, சின்ன மூலக்கூறு, முடித்தண்டுக்குள் போகிறது. மற்றவை மேலேயே நிற்கின்றன. உள்ளே எண்ணெய் இருந்தால் குளிக்கும்போது முடி அதிகம் ஊறி வீங்காது. ஒவ்வொரு முறையும் ஊறி, உலர்ந்து, மறுபடி ஊறுவதுதான் வெளுத்த முடியை மெல்ல மெல்லத் தளர்த்துவது. சமையலறையில் மலிவாக இருக்கும் சூரியகாந்தி எண்ணெய் பளபளப்பு தரும், இந்த வேலையைச் செய்யாது.

ஆனால் ஆயா வைக்கிற முறையை மாற்ற வேண்டியிருந்தது. அவர் குளித்த பிறகு வேரிலிருந்து நுனி வரை வைத்து, பின்னி, அப்படியே விட்டுவிடுவார். அந்த எண்ணெயை எடுக்க அடுத்த நாள் இரண்டு தடவை, மூன்று தடவை ஷாம்பு போட வேண்டும். அந்தத் தேய்ப்பில் டோனர் போய்விடும், முடியும் சிக்கும். ஆகவே எண்ணெய் குளிப்பதற்கு முன். வேருக்கு வேண்டாம், காதுக்குக் கீழே மட்டும். முதுகுப் பாதி நீள முடிக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். ஒன்றிரண்டு மணி நேரம் வைத்து, ஷாம்புவைத் தலைத்தோலில் மட்டும் போட்டு, நுரை வழிந்து நீளத்தைக் கழுவ விட்டால் சரி. பிளீச் பட்ட தலைத்தோல் ஒரு வாரம் எரிச்சலாக இருக்கலாம். அது அடங்கும்வரை தோலில் எதையும் தேய்க்கக் கூடாது. கொப்புளமோ நீர்க்கசிவோ இருந்தால் எண்ணெய் வைத்துப் பார்க்கும் பேச்சே கிடையாது, டாக்டரிடம் போக வேண்டும். பச்சை, சிவப்பு நிறமுள்ள மூலிகை எண்ணெயும் வேண்டாம். வெளுத்த முடி நிறத்தைக் குடிக்கும். ஜூலைக் குளிரில் பாட்டிலில் உறைந்துவிட்டது என்று அடுப்பில் சூடாக்காதீர்கள், உள்ளங்கைச் சூட்டில் உருகிவிடும். எண்ணெய் வைத்த முடியில் ஸ்ட்ரெய்ட்னர் ஒருபோதும் வைக்காதீர்கள்.

இந்த மூன்றுக்கும் நடுவில் யாரும் பேசாத ஒன்று சாதாரண கண்டிஷனர். எனக்கு அதன் மேல்தான் அதிக மரியாதை. வெளுத்த முடியில் பிணைப்பு அறுந்த இடங்களில் எதிர்மின் தன்மை கூடும். கண்டிஷனரில் உள்ள முக்கியப் பொருள் நேர்மின் தன்மை கொண்டது. அதனால் அது எங்கே அதிகம் கெட்டிருக்கிறதோ அங்கேயே அதிகம் ஒட்டும். நாம் தேடித் தேடிப் பூச வேண்டியதில்லை. அதோடு அது லேசான அமிலத்தன்மை உள்ளது, மேல்தோலின் செதில்கள் அதில் படிந்து அடங்கும். குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் செதில் மூடிக்கொள்ளும் என்று சொல்வார்கள். அந்த வேலையைச் செய்வது தண்ணீரின் குளிர்ச்சி அல்ல, கண்டிஷனர்தான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கிளிக்ஸ், டிஸ்கெம் போன்ற மருந்துக் கடைகளில் கிடைக்கும் மலிவான பெரிய பாட்டிலே போதுமானது. இதை மட்டும் எந்த மாதமும் விடக் கூடாது.

சரி, முடிவு. அவள் வீட்டில் கண்டிஷனர் இருந்தது, தேங்காய் எண்ணெய் இருந்தது. பின்பக்கம் சோதனையில் தேறிவிட்டதால் அதற்கு அவை இரண்டே போதும். முன்நெற்றி ஓரம் தேறவில்லை. ஆகவே அந்த ஒரு சாமானுக்குப் பாண்ட் ட்ரீட்மென்டின் சின்ன பாட்டிலைச் சொன்னேன், முன்பக்கத்துக்கு மட்டும் என்று சொல்லி. அவ்வளவு இடத்துக்கு ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டிகூட ஆகாது, இரண்டு மாதத்துக்கு மேல் வரும். முன்பக்கமும் தேறியிருந்தால் ஒன்றுமே வாங்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். வீட்டில் கண்டிஷனர் இல்லாத பெண் என்றால், முன்பக்கம் எப்படி இருந்தாலும் முதல் பணம் கண்டிஷனருக்கு.

அவள் அட்டையில் எழுதியது இது:

"முதல் மூன்று நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம். அப்புறம் வாரம் இரண்டு முறை மட்டும், வெதுவெதுப்பான நீரில். வேலை முடிந்து வியர்வையாக இருந்தால் மற்ற நாள் தண்ணீரும் கண்டிஷனரும் போதும்.

இரண்டாவது வாரத்திலிருந்து, ஞாயிறு குளியலுக்கு முன் பின்பக்கத்துக்குத் தேங்காய் எண்ணெய். முன்பக்கம் வெறும் ஈரத்தில் பாண்ட் ட்ரீட்மென்ட், பத்து நிமிடம். அன்று முன்பக்கத்துக்கு எண்ணெய் கிடையாது.

ஷாம்பு தோலுக்கு, கண்டிஷனர் நீளத்துக்கு, மூன்று நிமிடம். கண்டிஷனர் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்கவும். ஈர முடியில் துண்டால் தேய்க்க வேண்டாம், பிழிந்து ஒற்றவும்.

ஸ்ட்ரெய்ட்னர் முழுவதும் உலர்ந்த பின் மட்டும், 180 டிகிரிக்கு மேல் வேண்டாம். நீச்சல் குளத்துக்குப் போகும் முன் நல்ல தண்ணீரில் நனைத்து, கண்டிஷனர் தடவிப் பின்னிக்கொள்ளவும்.

நான்காம் வாரம் சலூனுக்கு வந்து நிறத்தைக் காட்டவும். அதற்கு முன் நிற ஷாம்பு வாங்க வேண்டாம்."

குளத்து வரிக்கு மட்டும் காரணம் சொல்கிறேன், எல்லோரும் குளோரினைத் திட்டுகிறார்கள். பச்சை நிறம் தருவது நீரில் கரைந்திருக்கும் செம்பு. முடி ஏற்கெனவே நல்ல தண்ணீரைக் குடித்து நிரம்பியிருந்தால் குளத்துத் தண்ணீர் அவ்வளவாக உள்ளே போகாது. கடற்கரைக்குப் போகும்போதும் இதையே செய்யலாம்.

அட்டையை வாங்கிக்கொண்டு கதவு வரை போன ஆயா திரும்பி வந்தார். "புனித வெள்ளிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போவோமே, மஞ்சள் தண்ணீர் ஊத்துவாங்க. அதுக்கு என்ன பண்றது?" எந்த நிறுவனத்தின் அட்டையிலும் இந்தக் கேள்விக்கு இடம் இருக்காது. நம் பெண்களுக்கு அட்டை எழுதும்போது அவசியம் இருக்க வேண்டிய கேள்வி இது. மஞ்சள் வெளுத்த முடியில் துணியில் பிடிப்பது போலப் பிடிக்கும். சாமி காரியத்துக்குப் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். கிளம்பும் முன் முடியை நல்ல தண்ணீரில் முழுக்க நனைத்து, கண்டிஷனரைத் தடவி, கழுவாமல் இறுக்கப் பின்னச் சொன்னேன். திரும்பியதும் உடனே மென்மையான ஷாம்பு. கட்டிச் சோப்பு மட்டும் கூடாது: சோப்பு காரமானது, காரம் பட்டால் மஞ்சள் சிவந்துவிடும், நலங்குத் துணியைத் துவைக்கும்போது பார்த்திருப்பீர்களே. மீதி மஞ்சள் வெயிலில் சில நாளில் வெளுக்கும், மஞ்சளின் நிறப்பொருளுக்கு வெளிச்சம் ஆகாது. இதையும் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம் வந்தாள். பின்பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை, பப்பாளி நிறத்தின் மேல் மஞ்சள் எங்கே தெரியப்போகிறது. முன்நெற்றியில் இரண்டு கற்றை மட்டும் நல்ல எலுமிச்சை நிறம். வாழைப்பழத் தோல் நிற முடி, மேலே மஞ்சள் கறை: ஊதா ஷாம்புவுக்கென்றே அமைந்த இடம். சலூனில் இருந்த பாட்டிலிலிருந்து ஒரு நாணய அளவு எடுத்து, அந்த இரண்டு கற்றையில் மட்டும் தடவி, இரண்டு நிமிடம் வைத்துக் கழுவினேன். பீஜ் திரும்பி வந்தது. அப்படியே முன்பக்க முடி ஒன்றை நனைத்து ஸ்கேலில் வைத்து இழுத்தோம். 13 வரை போய், பத்தரைக்குத் திரும்பியது. ஆயா ஸ்கேலை வாங்கித் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.